பெயர் போடாவிட்டாலும் ஆளைத் தெரியும்

திருகோணமலையில் ஒரு சிறிய தனியார் வைத்தியசாலைக்கு ஊழியர்களுக்கான சமூக ஊடக விதிமுறையைத் திருத்தி எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. பழைய விதிமுறை ஒரே வரிதான்: "நோயாளர்களின் இரகசியத் தகவல்களைச் சமூக ஊடகங்களில் பகிர்தல் ஆகாது." வேலைக்குச் சேரும் நாளில் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை மீறவேண்டும் என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மீறல்கள் நடந்துகொண்டிருந்தன. செய்தவர்களோடு உட்கார்ந்து பேசினால் ஒவ்வொருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் பேரே போடேல்லையே."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. கீழே வரும் சம்பவங்கள் நான் கேட்டவற்றின் சாயலில் நானே கட்டி எழுதியவை. ஊர், வயது, விடுதி, சொந்தம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஏன் இவ்வளவையும் மாற்றவேண்டி இருந்தது என்பது வாசிக்க வாசிக்கத் தெரியும்.

முதலாவது, பிறந்தநாள் கேக். பெண்நோயியல் விடுதியில் ஒரு தாதிய உத்தியோகத்தருக்குப் பிறந்தநாள். காலை பத்தரை மணி, டொக்டர்மாரின் சுற்று முடிந்த நேரம். தாதியர் மேசையில் கேக்கை வைத்து, ஐந்து பேர் நெருங்கி நின்று ஒரு செல்ஃபி எடுத்தார்கள். நோயாளி ஒருவரும் படத்தில் இல்லை. எடுத்தவர் அதைக் கவனமாகப் பார்த்துத்தான் எடுத்தார். கட்டில்கள் இருக்கும் பக்கம் தெரியக்கூடாது என்று சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றார்கள். அந்தச் சுவரில்தான் வெள்ளைப்பலகை மாட்டியிருந்தது.

விடுதியில் வேலை செய்பவர்களுக்கு அந்தப் பலகை கண்ணில் படுவதே இல்லை. கட்டில் இலக்கம், முதற்பெயர், வயது, அதற்குப் பக்கத்தில் என்ன சிகிச்சை என்பதற்கு நாலைந்து ஆங்கில எழுத்துச் சுருக்கம். நாளுக்கு நூறு தடவை பார்க்கிற பொருள் சுவராகவே ஆகிவிடும். ஏழாம் கட்டிலுக்கு நேரே ஒரு பெண்ணின் பெயர், 34, ஈ.ஆர்.பி.சி என்று எழுதியிருந்தது. கரு கலைந்தபின் கருப்பையில் தங்கியதை அகற்றும் சிறு சத்திரசிகிச்சைக்கான சுருக்கம் அது. அந்தச் சுருக்கத்தைத் தேடற்பெட்டியில் தட்டினால் பொருள் கிடைத்துவிடும்.

படம் பேஸ்புக்கில் ஏறியது. நண்பர்களுக்கு மட்டும் என்றுதான் அமைப்பு இருந்தது. ஆனால் படத்தில் நின்ற மற்ற நான்கு பேரையும் டேக் பண்ணியிருந்தார். டேக் பண்ணினால் வழக்கமான அமைப்பில் அந்த நால்வரின் நண்பர்களுக்கும் படம் தெரியும். ஆளுக்கு அறுநூறு, எழுநூறு நண்பர்கள் என்று பார்த்தால் இரண்டாயிரம் பேருக்கு மேல் எட்டக்கூடிய படம் அது. அவர்களில் ஒருத்தி மூதூரில் இருக்கிற, ஏழாம் கட்டில் பெண்ணின் கணவருடைய தங்கச்சி. டேக் பண்ணப்பட்ட ஒருவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். வாழ்த்துப் போடத்தான் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னால் ஒரு பெயர் தெரிந்தது.

அன்று பின்னேரம் ஏழாம் கட்டிலுக்கு ஒரு அழைப்பு வந்தது. "மச்சாள், ஆஸ்பத்திரியிலயா நிக்கிறீங்கள்? எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே." கர்ப்பம் என்பதையே அந்தப் பெண் கணவர் வீட்டுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. இதற்கு முதல் ஒருமுறையும் இப்படி ஆகியிருந்தது. அதனால் மூன்று மாதம் தாண்டிய பிறகு சொல்வோம் என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். யாரிடம், எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்ற அந்த முடிவை ஒரு கேக் படம் எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

"பின்னால் சின்னதாகத் தெரிகிற எழுத்தை யார் வாசிக்கப் போகிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேஸ்புக் பெரிய படங்களைச் சுருக்கித்தான் வைக்கும். ஆனாலும் நீளப்பக்கம் 2048 பிக்சல் வரை இருக்கலாம். பலகை படத்தின் அகலத்தில் கால்வாசி என்றால் அதற்கு 512 பிக்சல். பெயர் எழுதும் நிரல் பலகையில் மூன்றிலொன்று என்றால் ஏறத்தாழ 170 பிக்சல். எட்டெழுத்துப் பெயர் அந்த நிரலை நிரப்பினால் ஓர் எழுத்துக்கு 20 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். மார்க்கரால் தடிப்பாக எழுதிய எழுத்தை வாசிக்க அது தாராளமாகப் போதும். எடுத்தவர் படத்தைக் கைத்தொலைபேசியில் உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்தார். பார்த்தவள் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

பலகையில் குறைந்தபட்சம் பெயர் இருந்தது. பெயரே இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

ஒரு மருத்துவ மாது. இருபது வருட அனுபவம், ஊரெல்லாம் அவரில் மரியாதை. ஒரு நாள் இரவுக் கடமை முடிந்து வீட்டுக்குப் போய் இப்படி எழுதினார்: "பதினொரு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய ஒரு தாய்க்கு இன்று விடியற்காலை இரட்டைக் குழந்தைகள். ஒரு ஆண், ஒரு பெண். ஆண் குழந்தை கொஞ்சம் எடை குறைவு, குறைமாதப் பிரிவில் இருக்கிறான். இந்தக் கைகளால் அவர்களை ஏந்திய சந்தோஷத்துக்கு ஈடு இல்லை." படம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை, வைத்தியசாலையின் பெயரும் இல்லை. அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று நானும் நம்புகிறேன்.

இப்போது நிலாவெளியில் இருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் இடத்தில் இருந்து பாருங்கள். மருத்துவ மாது எங்கே வேலை செய்கிறார் என்பது அவருடைய பேஸ்புக் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மாதத்துக்கு 300 பிரசவம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயல்பாக இரட்டைக் குழந்தை பிறப்பது 80, 90 பிரசவங்களுக்கு ஒன்று. அப்படியென்றால் மாதத்துக்கு மூன்றோ நாலோ. அவற்றில் ஆணும் பெண்ணுமாக ஒன்றோ இரண்டோ. "இன்று விடியற்காலை" என்ற இரண்டு சொல் முப்பது நாளை ஒரு நாளாக்கிவிடுகிறது. அந்த நாளில் ஒரேயொரு குடும்பம்தான் இருக்கும். பதினொரு வருடம் என்பது தேவைக்கு மிஞ்சிய அடையாளம். அடுத்த வீட்டில் பதினொரு வருடமாகக் குழந்தை இல்லாத தம்பதி இருந்தார்கள், மனைவியை இரண்டு நாளுக்கு முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கணக்கே தேவையில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் குச்சவெளியில், தம்பலகாமத்தில், சம்பூரில், ஈச்சிலம்பற்றில் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள மூன்று விபரம் போதும். பெரிய நகரத்து வைத்தியசாலையில் கூட்டத்துக்குள் மறைந்துபோகிற ஒரு கதை இங்கே மறையாது. ஒரு பட்டப்பெயராலேயே ஆளைச் சுட்டுகிற ஊர்கள் இவை.

அந்தப் பதிவால் நடந்தது என்ன? தகப்பன் கட்டாரில் வேலை. தாய்க்கு மயக்கம் முழுதாகத் தெளிந்த பிறகு தானே அழைத்துச் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் கூட வேலை செய்கிற ஊர்க்காரர் வாழ்த்துச் சொன்னார், "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னவாம்?" என்றும் கேட்டார். தன் மகனுக்கு ஆபத்து என்பதை அந்த மனிதர் தங்குமிடத்துக் குசினியில் வைத்து இன்னொருவர் வாயால் அறிந்தார். குழந்தை பிறகு தேறிவிட்டான். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சட்டம் இந்த இடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் தனிப்பட்ட தரவு என்கிறது. உடல்நிலை பற்றிய தரவை விசேட வகைக்குள் வைக்கிறது. "மறைமுகமாக" என்ற அந்தச் சொல்லுக்குள்தான் மருத்துவ மாதுவின் பதிவு வருகிறது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு வைத்தியர், அவசர சிகிச்சைப் பிரிவில் கண்ட ஒருவரின் காயத்தைப் பற்றிப் பெயரில்லாமல் பேஸ்புக்கில் எழுதினார். காயத்தின் தன்மையை வைத்தே வெளியாள் ஒருவரால் நோயாளியை அடையாளம் காண முடிந்தது. 2011இல் மாநில மருத்துவச் சபை அவரைக் கண்டித்து 500 டொலர் அபராதம் விதித்தது. வைத்தியசாலையும் அவரை வேலை செய்ய விடவில்லை. அவரும் பெயர் போடவில்லை.

அப்புறம் வட்ஸ்அப். இதைப் பேசும்போது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, முழுக்கத் தடை என்று எழுதிவிட்டுப் போய்விடுவது. நடைமுறையில் அது நிற்காது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார், நிபுணர் வீட்டில் இருக்கிறார் அல்லது மட்டக்களப்பில் இருக்கிறார். ஈ.சி.ஜி தாளைப் படம் எடுத்து அனுப்பினால் மூன்று நிமிடத்தில் பதில் வரும். உயிர் காக்கிற பழக்கத்தைத் தடைசெய்தால் அது ஒளிந்து நடக்கும், அவ்வளவுதான். ஆகவே கேள்வி, அனுப்புவதா இல்லையா என்பதல்ல. யாருக்கு அனுப்புவது, படத்தில் என்ன இருக்கிறது, பிறகு அந்தப் படம் எங்கே போய்த் தங்குகிறது என்பவைதான்.

படத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு, ஈ.சி.ஜி தாளின் மேல் ஓரத்தையும் எக்ஸ்ரே படத்தின் மூலையையும் பாருங்கள். பெயர், வயது, திகதி அங்கேதான் இருக்கும். ஒரு கடதாசியால் மூடிவிட்டு எடுக்கப் பத்து விநாடி. பெயரை மூடிவிட்டால் இன்னொரு ஆபத்து வரும் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே இரவில் இரண்டு ஈ.சி.ஜி போனால் எது யாருடையது என்று மாறிவிடலாம். அதனால் கட்டில் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்பி, பெயரைத் தொலைபேசியில் வாயால் சொல்லி உறுதிப்படுத்துவது என்று வைத்தோம்.

எங்கே தங்குகிறது என்பதில்தான் பெரும்பாலான விபத்துகள். வட்ஸ்அப்பில் செய்தி போகும் வழியில் யாரும் இடையில் வாசிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வந்து சேர்ந்த படம் போனின் கலரிக்குள் தானாக விழும். கலரி இணையச் சேமிப்போடு இணைந்திருந்தால் படம் அங்கேயும் போகும். அதே கணக்கு வீட்டு டெப்லெட்டிலும் திறந்திருந்தால் பிள்ளையின் பாடக் குறிப்புகளுக்கும் கல்யாண வீட்டுப் படங்களுக்கும் நடுவில் ஒரு நீரிழிவுக்காரரின் அழுகிய கால் வந்து நிற்கும். ஒரு மருத்துவ அதிகாரியின் பத்து வயது மகள் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எங்கட கடைக்கார மாமாட கால் தானே, அந்த மோதிரம்" என்று கேட்டாளாம். கால்விரலில் போட்டிருந்த செப்பு வளையத்தைப் பிள்ளை கடையில் கண்டிருந்தாள். பச்சை குத்திய அடையாளம், தாலி, தழும்பு, சாரத்தின் கரை என்று எதுவும் பெயராக மாறலாம்.

இதற்குச் செய்யவேண்டியது சின்ன வேலைதான். வட்ஸ்அப் அமைப்புகளில் Chats என்ற பகுதிக்குள் Media visibility என்று ஒன்று அண்ட்ரொய்ட் போன்களில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு வருகிற படங்கள் கலரியில் தெரியாது. குறிப்பிட்ட ஒரு குழுவுக்கு மட்டும் நிறுத்தவும் முடியும். ஏற்கெனவே வந்து தங்கியவை தானாகப் போகாது, உட்கார்ந்து அழிக்கத்தான் வேண்டும். வட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப்பிரதி தனியாக இணையத்தில் ஏறுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். நாங்கள் ஒரு பிற்பகல் முழுக்க இருந்து ஒவ்வொருவரின் போனிலும் இதைச் செய்து கொடுத்தோம். கையெழுத்து வாங்குவதை விட அந்தப் பிற்பகல் அதிகம் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

இன்னொரு வகை மீறலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பண்பான மனிதர்களுக்கே நடக்கும். வைத்தியசாலையின் பேஸ்புக் பக்கத்தில் ஒருவர் கோபமாக எழுதுகிறார்: "என்னை மூன்று மணித்தியாலம் காக்க வைத்தார்கள்." பக்கத்தைப் பார்க்கும் ஊழியர் மரியாதையாகப் பதில் எழுதுகிறார்: "ஐயா, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஸ்கானுக்கு முதல் சிறுநீர் தேங்கவேண்டியிருந்ததால்தான் தாமதம்." அவர் எங்கே காத்திருந்தார், எதற்குக் காத்திருந்தார் என்று அவர் சொல்லவேயில்லை. பதில்தான் சொன்னது. நோயாளி தன்னைப் பற்றி எவ்வளவும் எழுதலாம், அது அவருடைய உரிமை. ஊழியர் அதை ஆமோதித்தால்கூட அது வெளியிடுவதுதான். "உங்கள் முறைப்பாட்டைக் கேட்க விரும்புகிறோம், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

சரி, கடைசியில் விதிமுறையில் என்ன எழுதினோம்? "இரகசியம்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். எது இரகசியம் என்று களைத்த மனிதர் ஒருவரைத் தீர்மானிக்கச் சொல்வதுதான் பழைய விதியின் பிழை. இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை நின்றவர் படத்தின் நான்கு மூலையையும் விரித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே விதியை இடத்தை வைத்து எழுதினோம். கட்டில்கள், தாதியர் மேசை, கிளினிக் அறை, சத்திரசிகிச்சைக் கூடம் ஆகிய இடங்களில் தனிப்பட்ட படம் எடுப்பதில்லை. கொண்டாட்டம் தேநீர் அறையில். சிகிச்சைக்காக எடுக்கிற படம் இதில் சேராது, அதற்கு மேலே சொன்ன முறை. அடுத்து, கடமையில் கண்ட எந்த நோயாளியின் கதையையும், நல்ல கதையானாலும், பெயரில்லாமலும் எழுதுவதில்லை.

இந்த இரண்டாவதுக்கு எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்பு. "நோயாளியே சம்மதித்தால்?" என்று கேட்டார்கள். ஊசி போடப்போகிற மிஸ் கேட்கும்போது கட்டிலில் கிடப்பவர் "வேண்டாம்" என்று சொல்வது இலகுவல்ல. அதனால் வீடு போன பிறகு, எந்தப் படம், எங்கே போடப்படும் என்று காட்டி, எழுத்தில், சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர் கேட்கவேண்டும் என்று வைத்தோம். சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம் என்றும் எழுதினோம். ஆனால் நூறு பேர் பகிர்ந்த படத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

நிர்வாகத்தோடு எனக்கு வாக்குவாதம் வந்த இடம் வேறு. "வைத்தியசாலையைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். மருந்து இல்லை, ஆளணி போதாது, மின்பிறப்பாக்கி வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொல்வதில் நோயாளி யாரும் இல்லை. அரச ஊழியர்களுக்குத் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தில் வெளியில் தகவல் சொல்வது பற்றித் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அது நல்லதா என்பது வேறு விவாதம். நோயாளியின் அந்தரங்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நிறுவனத்தின் குறையை மறைத்தால், ஊழியர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து இரண்டையும் மதிக்காமல் விடுவார்கள். தகவலறியும் உரிமைச் சட்டம் கூட இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றிக் கேட்டுப் பெற முடியாது. மருந்து எவ்வளவு வாங்கப்பட்டது என்று கேட்கலாம்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அரைப்பக்கத்தில் எழுதினோம். முதலில் பதிவின் நேரம், யாருக்குத் தெரியும்படி இருந்தது, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே அழிக்கவேண்டும். "அந்தப் படத்தை யாரும் பகிரவேண்டாம்" என்று இன்னொரு பதிவு போடக்கூடாது, அது பார்க்காதவர்களையும் தேட வைக்கும். அதே கடமை நேரத்துக்குள் பொறுப்பாளருக்குச் சொல்லவேண்டும். பிறகு நோயாளிக்கு. கேக் படம் போட்ட தாதிய உத்தியோகத்தர் ஏழாம் கட்டிலுக்குத் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று கேட்டார். விடுதிப் பொறுப்பாளரும் கூடப் போனார். அந்தப் பெண் கோபப்படவில்லையாம். "பலகையிலயிருந்து என்ர பேரை இப்பவே அழிச்சுவிடுங்கோ மிஸ்" என்று மட்டும் கேட்டாளாம்.

அடுத்த நாள் பலகையைக் கழற்றி மேசைக்குப் பின்னாலிருந்த மருந்து அறையின் உட்சுவரில் மாட்டினார்கள். பெயர் நிரலை எடுத்துவிட்டுக் கட்டில் இலக்கத்தை மட்டும் விட்டார்கள். அந்தக் கிழமையே விடுதியின் வட்ஸ்அப் குழுவையும் திறந்து ஆட்களை எண்ணிப் பார்த்தோம். 41 பேர் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் இடமாற்றம் பெற்றோ வேலையை விட்டோ போனவர்கள். ஒருவர் வெளிநாட்டில். ஒரு இலக்கம் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.